மியூட்டில் போட்ட மச்சான்

மச்சானை பிளாக் செய்ய முடியாது. அவர் என் மனைவியின் அண்ணன். பிளாக் செய்தால் என் பக்கத்தைத் திறந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடும், அடுத்த கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னால் கேட்பார். மியூட் அப்படியில்லை. அவர் பாட்டுக்குத் தளத்தில் எழுதிக்கொண்டிருப்பார், என் கண்ணில் படாது, அவருக்கும் தெரியாது. காலை வணக்கம், தக்காளி விலை, யாரையோ திட்டி நீளமாய் ஒன்று என்று தினமும் என் திரையை அடைத்துக்கொண்டிருந்த மனுஷர் ஒரே தட்டலில் காணாமல் போனார். அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

ருசி கண்டபின் சொற்களையும் மியூட் செய்தேன். எங்கள் பக்கம் எங்காவது ஆலை வெடித்தால், முகம் தெரியாதவர்கள் பழைய வீடியோக்களைத் தோண்டி எடுத்துப் போடுவார்கள். கருகிய கை, கதறும் பெண். என் மனைவி தினமும் கம்பெனி வேனில் ஏறி ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலைக்குப் போகிறவள். அதையெல்லாம் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்காது. ‘வெடி விபத்து’, ‘கருகி’, ‘பலி’ மூன்றையும் போட்டேன். அந்தச் சொல் வரும் பதிவு முகப்பிலும் வேண்டாம், அறிவிப்பிலும் வேண்டாம், யார் எழுதினாலும் வேண்டாம், எப்போதைக்கும் வேண்டாம். ‘பட்டாசு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தேன். அதைப் போட்டால் சிவகாசியில் பாதிப் பேர் வாயடைத்துப் போவார்கள்.

நான் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டர் வடிவமைப்பவன். அன்று மதியம் முருகனுக்கு மயில் வைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த ஊரில் சத்தம் கேட்டால் யாரும் உடனே எழுந்து ஓடுவதில்லை. கல்குவாரியாக இருக்கும், புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள் என்று மனசு ஒரு சாக்கைத் தேடும். நான் போனை எடுத்தேன். கிரிக்கெட், மழை, ஒருவர் வீட்டுப் பூனை. அந்தச் சொற்கள் இல்லாமல் வெறும் படமாக ஒன்று வந்திருந்தால் தப்பித்து என்னிடம் சேர்ந்திருக்கும். அதுவும் வரவில்லை. ஒன்றுமில்லை என்று மயிலுக்கே திரும்பினேன்.

அரை மணி நேரம் கழித்து முதலாளி மாடியேறி வந்து என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.

“ஏலே, நீ இன்னும் இங்கனயா இருக்க?”

“ஏண்ணே? போன்ல பாத்தேன், ஒண்ணும் வரலயே.”

அவர் தன் போனை நீட்டினார். அதே தளம்தான். முழுக்கப் புகை. என் மனைவி வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர்.

அவளைக் கூப்பிட வழியில்லை. ஆலைக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மச்சானைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரை அடித்தேன். மியூட் தேடலைத் தொடாது, எல்லாமே கொட்டியது. அதில் முதலில் கிடந்தது மச்சானின் பதிவு.

“மாப்ள, தங்கச்சி கம்பெனில வெடி விபத்து. போன் போகல. வெரசா வாங்க.”

என்னை டேக் செய்திருந்தார். நான் அவரைப் பின்தொடர்வதால், அவரை மியூட் செய்திருந்தாலும் டேக் செய்தால் அறிவிப்பு வரும். வந்திருக்க வேண்டும். நான் போட்டுவைத்த ‘வெடி விபத்து’ அதை விழுங்கிவிட்டது. அவர் பக்கத்தைத் திறந்தேன். அடுத்தடுத்து ஐந்தாறு பதிவுகள், எல்லாவற்றிலும் நானும் அதே ‘வெடி விபத்தும்’. அதற்கும் மேலே, அந்த நிமிஷம்தான் போட்ட ஒரு படம். கருவேல மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளி மருந்துத்தூளோடு என் மனைவி. “தங்கச்சி வெளிய வந்துட்டா. மாப்ள எங்கன இருக்கீக?”

முதலாளி முன்னாலேயே ஓவென்று அழுதேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் அவள் மட்டும்தான் அண்ணனோடு இருந்தாள். மற்றவர்களை அவரவர் வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிப் போயிருந்தார்கள். வேனில் அவள் பக்கத்து சீட்டில் வரும் அக்காவைத் தேடி அவருடைய வீட்டுக்காரர் மட்டும் இன்னும் கேட்டருகே நின்றிருந்தார். மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள்தான் கேட்டாள்.

“உங்களுக்குச் சத்தம் கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“பெறகு?”

“போனப் பாத்தேன். ஒண்ணும் இல்ல.”

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சத்தம் கேட்டுச்சுல்ல?” என்றாள் மறுபடியும்.