இரண்டாவது படத்தின் வலது மூலை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கட்டியது பதினேழு கட்டடங்கள். அதில் எனக்கென்று கட்டிக்கொண்டது மூன்று மாடி. வரைபடம் போட்டவனும் நான்தான், கம்பி வளைத்தவனும் நான்தான். ஒரு எஞ்சினியர் நிழல்கூட அதன் மேல் விழுந்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இருந்தாலும் இங்கே எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. முதல் மாடியில் இங்கிலீஷ் பேச்சுத் தேர்வுக்கு வகுப்பு நடத்திய 'லாம்' டீச்சரைப் பற்றி.

அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது. வாயைத் திறந்தால் இருக்கலாம், வந்திருக்கலாம், காத்திருக்கலாம். மழை கொட்டும்போதுகூட "மழை பெய்யுது போலிருக்கு" என்பார்.

அதற்குக் காரணம் உண்டு. டீச்சர் பதினோரு வருடம் போட்டோ லேபில் படம் கழுவியவர். வேலை செய்துகொண்டே தானாக இங்கிலீஷ் படித்து, அந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். தேர்வில் இரண்டு போட்டோக்களைக் கையில் கொடுப்பார்கள். மேலே ஒரு கேள்வி அச்சடித்திருக்கும். ஒரே நிமிடம். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசி, அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். டீச்சரோ லேப் பழக்கத்தில் முதல் படத்தில் உள்ளதையெல்லாம் மூச்சுவிடாமல் அடுக்கி முடிப்பார். இரண்டாவது படத்துக்குப் போகும் முன் நேரம் போய்விடும். அதுவும் எல்லாம் அடித்துச் சொல்வது. 'இவள் அழுகிறாள், இவன் அண்ணன்' என்று. படத்துக்குள் போய்க் கேட்டாரா என்ன? மூன்றாம் முறைதான் பிடிபட்டது. கண்ணுக்குத் தெரிவதை இடம் சொல்லிக் காட்ட வேண்டும்: முன்னால், பின்னணியில், இடது ஓரத்தில், மேலே வலது மூலையில். தெரியாததை ஊகமாகச் சொல்ல வேண்டும்: போல் தெரிகிறது, ஒருவேளை, இருக்கலாம். இரண்டு படத்துக்கும் நடுவே 'ஆனால்' போட்டுப் போட்டு நெய்ய வேண்டும். இந்தச் சொற்களை எல்லாம் பெரிய தாளில் எழுதி, பக்கத்தில் தமிழும் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அந்தத் தாளைப் பார்த்தே நானும் பாதி இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். எப்படி என்றால், உண்மையான தேர்வில் அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் கேள்வி கேட்பார். இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காமல் மார்க் போடுவார். ஒத்திகைத் தேர்வில் அந்த இரண்டாவது நாற்காலிக்கு ஆள் இல்லை.

"சார், நீங்க வந்து உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம், முறைச்சாப் போதும்" என்றார் டீச்சர்.

முறைப்பதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும்! நாற்பது கொத்தனார்களை முறைத்தே வேலை வாங்கியவன். என் முகத்தைப் பார்த்து ஒத்திகையில் தேறியவர்கள் உண்மைத் தேர்வில் பயந்ததே இல்லை.

அன்றைக்கு மதியம் ஒரு நர்ஸம்மாவும் ஒரு ஓட்டல் சமையல்காரரும் ஜோடியாக உட்கார்ந்தார்கள். பின் வரிசையில் இன்னும் பதினான்கு பேர். டீச்சர் கொடுத்த படங்கள் இரண்டும் எங்கள் கட்டடத்து வாசலில் எடுத்தவை. ஒன்றில் இரண்டு வருடத்துக்கு முந்திய முதல் குழு. மற்றதில் போன மாதம் முடித்த குழு. இவர்கள் என்ன உணர்வில் இருக்கலாம் என்பது கேள்வி.

நர்ஸம்மா தொடங்கினார். நான் தமிழில் எழுதுகிறேன். "இரண்டு படத்திலும் ஒரு வாசலுக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். முதல் படத்தில் நிம்மதியாக இருப்பது போல் தெரிகிறது. ஆனால் இரண்டாவதில் சிலர் மேலே பார்க்கிறார்கள். ஒருவேளை ஏதாவது சத்தம் கேட்டிருக்கலாம். பின்னணியில், முதல் படத்தில் கதவு மூடியிருக்கிறது. இதிலோ பாதி திறந்து, செங்கல் வைத்து நிறுத்தியிருக்கிறது. சாத்த முடியாமல் இருக்கலாம். மேலே வலது மூலையில் ஒரு கோடு. முதல் படத்தில் அது இல்லை. கதவுக்கு மேலே உள்ள உத்தரம் நடுவில் தொய்ந்திருப்பது போல..."

"நன்றி" என்று டீச்சர் வெட்டினார். ஒரு நிமிடம் முடிந்தது. சட்டம் அப்படி. பிறகு ஜோடி ஆளிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்க வேண்டும். "நீங்க எந்தப் படத்துல நிக்க ஆசைப்படுவீங்க?"

சமையல்காரர் சிரித்தார். "முதல் படத்துல. ரெண்டாவதுல நின்னா தலை சட்னிதான்!"

வகுப்பே சிரித்தது. நான் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கதவைச் சாத்த முடியவில்லை என்று தச்சரை இரண்டு முறை கூப்பிட்டு இழைக்கச் சொன்னவன் நான். "மரம் ஊதுது, நீ போட்ட மரம் அப்படி" என்று அவரைத் திட்டியும் அனுப்பினேன். அந்தக் கோட்டை வெள்ளை சிமெண்டு வைத்து அடைத்ததும் நான்தான். அது மறுபடி வந்திருந்தது.

வாய் திறக்கக் கூடாத நாற்காலியில் இருந்து வாயைத் திறந்தேன். "இதெல்லாம் போட்டோ செய்யற வேலை. சாய்ச்சு எடுத்தா எல்லாம் சாயும்."

"இல்லீங்க சார்" என்றார் டீச்சர் மெதுவாக. "வாசலுக்கு எதிர்ல இருக்கற கேட் பக்கத்துல, தரையில ரெண்டு பாதம் மஞ்சள் பெயிண்ட்ல வரைஞ்சிருக்கேன். எல்லாக் குழுவையும் அதுமேல நின்னுதான் எடுப்பேன். லேப் புத்தி. எனக்குக் கட்டடம் தெரியாது. ஆனா ரெண்டும் ஒரே இடம்."

"அப்ப இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"பத்து நாளா இந்தப் படத்த வெச்சுத்தான் ஒத்திகை நடக்குது. நீங்க வராத நாள்ல நாலு பேர் அந்த மூலையைச் சொல்லிட்டாங்க. அழகா ஊகிக்கிறாங்கன்னு மார்க்தான் போட்டேன்."

நான் கீழே இறங்கினேன். மடியில் எப்போதும் நூல்கண்டு இருக்கும். ஒரே கனத்தில் மூன்று மரத்துண்டு எடுத்தேன். உத்தரத்தின் அடியில் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று வைத்து நூலை இழுத்துக் கட்டினேன். மூன்றாவது துண்டு நடுவில் நூலுக்கும் உத்தரத்துக்கும் இடையே சுலபமாக நுழைய வேண்டும். நுழையவில்லை. நூலே உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் முட்டியால் பூச்சைத் தட்டினேன். பானையைத் தட்டுவது போல் கேட்டது.

அந்த உத்தரத்துக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், இரண்டு தண்ணீர் டேங்க். ஒன்று முதலிலேயே இருந்தது. வகுப்பில் கூட்டம் சேரச் சேரத் தண்ணீர் போதவில்லை என்று போன வருடம் இன்னொன்று ஏற்றியது என் சொந்த யோசனை.

மேலே நின்று எட்டிப்பார்த்த டீச்சரிடம் கத்தினேன். "இந்த வாசல் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது. எல்லாரையும் பின்படி வழியா இறக்குங்க. பையெல்லாம் அப்புறம்!"

"சார், நிஜமாவா?"

"கேள்வி கேக்காதீங்கம்மா. எறக்குங்க."

பதினாறு பேரும் இறங்கினார்கள். டீச்சர் ஒவ்வொருவராக எண்ணிவிட்டுக் கடைசியில் வந்தார். நான் பின்படி வழியாகவே மொட்டை மாடி ஏறி இரண்டு டேங்கின் வால்வையும் திறந்துவிட்டு வந்தேன். தண்ணீர் தெருவில் ஓடியது. எதிர்க் கேட்டருகே எல்லோரும் நின்று பார்த்தோம். பாதித் தண்ணீர் வடிந்திருக்கும்போது உத்தரத்துக்குள்ளிருந்து, எலும்பு முறிவது போல, ஒரே ஒரு சத்தம் வந்தது. பிறகு வாசலில் மண் உதிர ஆரம்பித்தது.

நர்ஸம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மிச்சத்தையும் சொல்லியிருப்பேன் டீச்சர். நீங்கதான் நன்றி சொல்லிட்டீங்க."

என் வாழ்க்கையில் முதல் முறையாக நானே போய் ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்தேன். அவர் கிட்டே போகவே இல்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு இரும்பு முட்டுகள் கொடுக்கச் சொன்னார். "எவ்வளவு நாள் தாங்கும்?" என்றேன். "நிக்கற வரைக்கும் நிக்கும். ஆள் யாரும் உள்ள போகக் கூடாது" என்றார்.

டீச்சர் இப்போது வேறொரு தெருவில், தரைத்தளத்தில், வகுப்பு நடத்துகிறார். என் கட்டடம் பன்னிரண்டு முட்டுகளின் மேல் நிற்கிறது. தினமும் காலையில் போய் எதிரே நின்று பார்க்கிறேன். நேற்று நான்காவது முட்டு லேசாக வளைந்திருப்பது போல் தெரிந்தது.