நிலுவையில் ஏதும் இல்லை

எண்பதுகளின் பின்பாதியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளராக இருந்தேன். ஆசிரியர்களின் விடுப்பு, விளக்கக் கடிதங்கள், ஆட்சேபணை இல்லாச் சான்று எல்லாம் என் மேசைக்கு வரும். அந்தச் சான்றை என்.ஓ.சி. என்றுதான் சொல்வோம். தபாலில் மேல்படிப்பு படிக்கிறவர்களுக்கும் அது வேண்டும், பாஸ்போர்ட் எடுக்கிறவர்களுக்கும் வேண்டும். நாலே வரிதான். இன்னார் இந்தப் பள்ளியில் இந்த நாள் முதல் நிரந்தரப் பணியில் இருக்கிறார். இத்தனை நாள் விடுப்பில் சொந்தச் செலவில் இந்த நாட்டுக்குப் போய்வர ஆட்சேபணை இல்லை. அங்கே வேலை எதிலும் சேரக் கூடாது. இவர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை. கடைசி வரியை எழுதும் முன்புதான் பழைய கட்டுகளையெல்லாம் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு ஜூன் மாதம் ராஜபாளையத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அரசு உயர்நிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஐம்பது வயது தாண்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அக்கா நர்சாக இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவர். அந்த அக்காவுக்குப் புற்றுநோய் என்று கடிதம் வந்திருந்தது.

"எங்கம்மா செத்தப்ப எனக்கு ஆறு வயசு சார். தலை பின்னிவிட்டதுலருந்து டிரெயினிங் ஸ்கூலுக்கு அனுப்புனது வரைக்கும் எல்லாம் அக்காதான். பதினெட்டு வருசமாச்சு பாத்து. ஒருக்கா பாத்துட்டு வந்திருதேன்."

விண்ணப்பத்தில் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவருடைய பள்ளிக் கட்டை எடுத்து அவிழ்த்தேன். நடுவில் அது இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பள்ளியில் திடீர் ஆய்வு நடந்தபோது டீச்சர் வகுப்பில் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை விதி பதினேழு (அ)-வின் கீழ் விளக்கம் கேட்டு மெமோ போயிருந்தது. மயங்கி விழுந்த மாணவியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன் என்று குறித்த பதினைந்து நாளுக்குள் அவர் பதில் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டும் இணைத்திருந்தார். அந்தப் பதிலை அதிகாரியின் பார்வைக்கு நான் வைக்கவே இல்லை. எந்தக் காரணமும் கிடையாது. கட்டுக்குள் போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன்.

கட்டை மூடிவிட்டு, "பாத்துச் சொல்லுதேன் டீச்சர். நீங்க போங்க" என்றேன்.

மறுநாள் அதிகாரியிடம் விண்ணப்பத்தை வைத்தேன். பழைய மெமோ ஒன்று பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"அது முடியாம எப்படிய்யா கையெழுத்துப் போட? அந்தம்மா அங்கயே தங்கிட்டா, விசாரணை இருக்கையில யாரு விட்டான்னு என்னத்தான கேப்பாக? அந்த ஊர் விசாக்காரன் எதுக்கு இத கேக்கான்? இவளுக்கு இங்க வேலை இருக்கு, திரும்பி வந்திருவான்னு ஒரு ஆபீஸ் சொல்லணும். நம்ம கையெழுத்துதான் அவனுக்கு ஜாமீன். மொதல்ல அத முடி."

அவர் கண்டிப்பானவரே தவிர கெட்டவர் இல்லை. 'பதில் அப்போதே வந்துவிட்டது சார், நான்தான் வைக்காமல் விட்டேன்' என்று சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் அன்றைக்கே மெமோவை ரத்து செய்திருப்பார். எனக்கு அப்போது பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. வேலையில் அசட்டை என்று என் மீதே ஒரு மெமோ வந்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அதனால், ஆசிரியையின் விளக்கம் குறித்துத் தலைமையாசிரியரிடம் அறிக்கை கேட்கலாம் என்று குறிப்பு எழுதினேன். இரண்டு வருடமும் முறைப்படி ஏதோ நடந்துகொண்டிருந்ததுபோல் அது தோற்றம் தந்தது. அதிகாரியும் சரி என்று கையெழுத்திட்டார்.

அறிக்கை வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் அதிகாரிக்கு மாறுதல் வந்தது. புதியவர் எல்லாக் கோப்பையும் முதலிலிருந்து படிக்கிறவர்.

டீச்சர் வாரம் ஒருமுறை பள்ளி முடிந்ததும் பஸ் பிடித்து வருவார். கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. "வந்துருச்சா சார்?" என்பார். இல்லையென்றால், "அப்பச் சரி, பொறவு வாரேன்" என்று எழுந்துவிடுவார். ஒருநாள் அக்காவின் கடிதத்தைக் காட்டினார். கோணல் எழுத்தில் மூன்று வரிதான். "அக்கா எழுத்து எம்புட்டு அழகா இருக்கும் தெரியுமா சார்" என்றார். நான் வேறு கோப்பைப் புரட்டினேன்.

செப்டம்பரில் மெமோ கைவிடப்பட்டது. சென்னை இயக்குநரகத்தின் அனுமதியும் வந்தபின் சான்றை நானே தட்டச்சு செய்தேன். 'நிலுவையில் ஏதும் இல்லை' என்ற கடைசி வரியையும் நானே அடித்தேன். டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போலீஸ் விசாரணை முடிந்து திருச்சியிலிருந்து பாஸ்போர்ட் வரும்போது நவம்பர் ஆகிவிட்டது. விசாவுக்குச் சென்னை போக ரயிலில் இடம் பதிந்திருந்தார். போவதற்கு நான்கு நாள் முன்பு தந்தி வந்தது.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்தார். சேலைத் தலைப்பால் தோளை மூடியிருந்தார். ஒரு தாளை நீட்டினார். தனக்கு அனுமதித்த விடுப்பு தேவைப்படவில்லை, ரத்து செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அதே முத்துமுத்தான எழுத்து.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்த மெமோ பதிலு..."

"தெரியும் சார்" என்றார். "மொத நாளு நீங்க கட்ட அவுத்தீகள்ல, அன்னைக்கே பாத்தேன். எம் பேப்பர் குடுத்தது குடுத்தபடி கெடந்துச்சு. ஒரு கையெழுத்துகூட இல்ல."

"பின்ன ஏன் டீச்சர் கேக்கல? சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"நீங்கதான சார் எழுதணும். ஒங்கள பகைச்சுக்கிட்டு நான் யார்கிட்ட போக?"

குரலில் கடுமையே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் போனபின் அந்தத் தாளுக்கும் குறிப்பு எழுத வேண்டியிருந்தது, எழுதினேன். பதவி உயர்வும் அடுத்த வருடம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு கூப்பிட்டார். அக்காவின் மகள் அழைத்ததால், கல்லறையையாவது பார்த்துவிட்டு வரலாமென்று போன மாதம் விசாவுக்குச் சென்னை போய்வந்ததாகச் சொன்னார்.

"இப்பத்தான் ஒங்களுக்கு என்.ஓ.சி. தேவையில்லையே டீச்சர்" என்றேன்.

"ஆமா சார். ஆனா விசா ஆபீஸ்ல வேற கேட்டாக. வேலை இல்ல, புருசன் பிள்ளை இல்ல, ஒறவுன்னு இருக்கதே அந்த நாட்டுலதான். நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்னாக. பென்சன் புக்க காட்டுனேன். அது போதாதுன்னு விசா இல்லைன்னுட்டாக."

மறுபடியும் முயற்சி செய்யலாமே, நான் வேண்டுமானால் மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் சார். வயசாயிருச்சு. இனி அம்புட்டுத் தூரம் அலைய முடியாது."

சேத்தூர் பஸ் வந்தது. பழைய மாணவி ஒருத்தியின் வீட்டில் விசேஷமாம். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினார். உட்கார இடம் கிடைத்ததா என்று வெளியிலிருந்து எனக்குத் தெரியவில்லை.