முதலில் கூப்பிட்டவருக்கே மோட்டார்

பெரம்பலூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் விற்கும் கடையில் எனக்குப் போன் எடுக்கும் வேலை. வீட்டிலிருந்தபடியே செல்போனில் கூப்பிட்டுத் தோட்டத்து மோட்டாரை ஓடவிடும் பெட்டிதான் எங்கள் சரக்கு. வாங்கியவர்களில் பாதிப் பேர் மறுநாளே "ஓடலைங்க" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. போன் அடித்தபடியே இருக்கும், முதலாளி என் உயிரை எடுப்பார்.

கடையின் பேஸ்புக் பக்கத்தில் தொடராகப் பதிவு போட ஆரம்பித்தேன். பெட்டியில் போடும் சிம்மை முதலில் சாதாரணப் போனில் போட்டு, அதன் PIN நம்பர் பூட்டை எடுத்துவிடுங்கள் என்று ஒன்று. தண்ணீர் நிறைய இருக்கும்போது மோட்டாரை ஓடவிட்டு அது இழுக்கும் கரண்டின் அளவை, அதாவது ஆம்பியரை, பெட்டியில் பதிய வையுங்கள், கிணறு வற்றினால் தானே நின்றுவிடும் என்று ஒன்று. முதலில் கூப்பிடும் நம்பர்தான் உரிமையாளர், அதிலிருந்து சேர்த்தால்தான் மற்ற நம்பர்களைப் பெட்டி ஏற்கும் என்று ஒன்று. கண்டவர்கள் பெட்டியின் பட்டனைத் தொடாதபடி மோட்டார் கொட்டகையைப் பூட்டி வையுங்கள் என்றும் எழுதினேன். திரும்பி வரும் பெட்டிகள் குறைந்தன, போனும் ஓய்ந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் குன்னம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா பில்லோடு வந்தார். புருஷன் இல்லை. கிணறு அவருக்கும் கொழுந்தனாருக்கும் பொது, முறை வைத்து இறைப்பார்கள். பெட்டி வாங்கியது அக்கா. மாட்டிக் கொடுத்த கொழுந்தனார் முதல் போனைத் தன் நம்பரிலிருந்து போட்டிருக்கிறார்.

"என் முறைக்கு நான் கூப்பிட்டா கட்டாயிடுது பாப்பா. அவரு கூப்பிட்டா ஓடுது. என் நம்பர சேக்கவே மாட்டேங்குறாரு. வெங்காயம் காய் திரளுற நேரம், வாடுது."

"ரீசெட் பட்டன அழுத்திப் புடிங்கக்கா. எல்லா நம்பரும் அழிஞ்சிடும். ஒடனே நீங்க கூப்புடுங்க."

"கொட்டகைய பூட்டி சாவிய வச்சிக்கிட்டாரு. கேட்டா, கடைக்காரங்களே பூட்டச் சொல்லிருக்காங்கன்னு போன்ல காட்டுறாரு."

அங்கேயே கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

"நீ போட்டிருக்கியே, அதப் படிச்சுதான் செஞ்சேன். எதுனா தப்பா செஞ்சிருந்தா சொல்லும்மா" என்றார். குரலில் அவ்வளவு மரியாதை. கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வைத்துவிட்டார்.

பெட்டியையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா முதலாளியிடம் கெஞ்சினார்.

"பெட்டி ஓடுதுல்ல? அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்? வூட்டுச் சண்டைய கடைக்குக் கொண்டாராதீங்க" என்றார் முதலாளி. அக்கா பில்லை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அதன்பிறகு அவர் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

சில வாரம் கழித்து என் பதிவின் கீழே கொழுந்தனார் எழுதியிருந்தார்: "தெளிவான விளக்கம். சொன்னபடி செய்தேன். ஒரு தொல்லையும் இல்லை." கூடவே ஒரு படம். முன்னால் அவருடைய வெங்காயம் பச்சைப்பசேலென்று நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் வயல் கருகிக் கிடந்தது.

முதலாளி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. பின்னால காஞ்சு கெடக்குறத மட்டும் வெட்டிட்டு, பேஜுல மேல போடு" என்றார்.