ஒரு பாடம் மட்டும் அனுப்புகிறேன்

பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளியை மூடிவிட்டார்கள். அங்கே அறிவியல் எடுத்தவளைத் தெருவில் இன்னமும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்றது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடந்தார். விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதில்கூட வரவில்லை.

அப்போதுதான் இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பாடம் எழுதும் வேலை. நேர்காணலுக்கு முன்னால் வீட்டிலிருந்தே ஒரு தேர்வு.

மேலே சந்தோஷமாகப் படித்தவள் கீழே போகப்போக ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தாள். எட்டாம் வகுப்பு 'ஒளி' அலகு முழுதும் எழுத வேண்டும். எல்லாப் பாடங்களும், ஒவ்வொன்றுக்கும் கேள்வி, விடை, படக்குறிப்பு. கம்பெனியின் இணையதளத்தில் அப்படியே ஏற்றும் வடிவில். ஒரு வாரத்துக்குள்.

"இது தேர்வு மாதிரியா இருக்கு? புத்தகமே எழுதச் சொல்றாங்க" என்றாள்.

"எழுதிக் குடுத்துடும்மா. உனக்குத் தெரியாததா?" என்றார் கணவர். சுவரைப் பார்த்தபடி சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

எழுத உட்கார்ந்தாள். முதல் பாடம் நன்றாகவே வந்தது. இரண்டாவதில் கை வைத்தபோது, பழைய பள்ளியில் கூட வேலை பார்த்த சின்ன டீச்சர் போன் பண்ணினாள்.

"அக்கா, எனக்கு ஒரு கம்பெனிலேர்ந்து டெஸ்ட் வந்திருக்கு. ஒலி பாடம். நீங்கதான் கொஞ்சம் பாத்துச் சொல்லணும்."

"ஒளியா?"

"இல்லக்கா, ஒலி. சத்தம்."

கம்பெனி ஒன்றுதான். ஆளுக்கோர் அலகு. வேலை கேட்டு வருகிறவர்களை வைத்தே புத்தகத்தை முடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல அவளிடம் சாட்சி இல்லை. ஆனால் சந்தேகம் விடவில்லை.

"நீ என்ன பண்ணப் போற?"

"எழுதிட்டிருக்கேன்க்கா. பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு. வேற வழி?"

போனை வைத்துவிட்டு டீச்சர் கம்பெனிக்குப் பதில் எழுதத் தொடங்கினாள். முதலில் கோபத்தைக் கொட்டினாள். படித்துப் பார்த்து அழித்தாள். இரண்டாவது கெஞ்சலாக வந்தது. அதையும் அழித்தாள். மூன்றாவது இப்படி நின்றது:

'வாய்ப்புக்கு நன்றி. கேட்டிருப்பது ஒரு முழு அலகு. எனக்குப் பல நாள் வேலை. என் எழுத்தை மதிப்பிட ஒரு பாடமும் அதன் கேள்விகளும் போதும் என்று நினைக்கிறேன். அதை நாளையே அனுப்புகிறேன். அது மதிப்பீட்டுக்கு மட்டும், தளத்தில் பயன்படுத்தப்படாது என்று உறுதி செய்தால் போதும். முழு அலகும் வேண்டுமென்றால் ஒப்பந்தம் போட்டு, ஊதியத்தோடு, மகிழ்ச்சியாகச் செய்து தருகிறேன்.'

கணவரிடம் படித்துக் காட்டினாள்.

"இத அனுப்பினா வேலை போயிடுமே."

"வரவே இல்லையேங்க, போறதுக்கு."

வாய்தான் அப்படிச் சொன்னது. அனுப்பிய பிறகு அந்த மெயிலை மறுபடி மறுபடி திறந்து படித்தாள். மறுநாள் முழுதும் போனும் கையுமாக அலைந்தாள். இரண்டாவது பாடத்தைத் திரும்பத் திறந்துவைத்துக்கொண்டு, பேசாமல் எழுதிக்கொடுத்திருக்கலாமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. 'மன்னிக்கவும், முழுதும் அனுப்புகிறேன்' என்றுகூட ஒரு வரி தட்டி வைத்தாள். அனுப்பவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. 'எங்கள் தேர்வு முறை எல்லோருக்கும் ஒன்றே. நீங்கள் விலகியதாக எடுத்துக்கொள்கிறோம்.' பயன்படுத்துவீர்களா என்ற கேள்விக்கு ஒரு சொல்கூட இல்லை.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கணவர் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது, "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க."

"சரி."

சின்ன டீச்சர் முழு அலகையும் அனுப்பினாள். 'கிடைத்தது' என்று ஒரு வரி வந்தது. பிறகு கம்பெனிக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை. அலகு என்ன ஆனது என்று இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. ஒரு நாள் அவளே வந்து சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு எடத்துல கூப்பிட்டிருக்காங்கக்கா. அங்கயும் இதே கதைதான். நீங்க ஒரு பதில் எழுதுனதா சொன்னீங்களே, அது மாதிரி எனக்கு எழுதித் தருவீங்களா?"

"அத எழுதித்தான் நான் இப்படி உக்காந்திருக்கேன்."

"பரவால்லக்கா. நான் அத எழுதாமயே இப்படித்தான் உக்காந்திருக்கேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்து எழுதினார்கள். இந்த முறை பதில் வேறு மாதிரி இருந்தது: 'சரி, ஒரு பாடமே போதும்.' சின்ன டீச்சருக்கு வேலையும் கிடைத்தது. அவள் போனில் கத்திய கத்தலில் டீச்சருக்குக் காது அடைத்துப்போனது. சந்தோஷம்தான். அதோடு கூடவே நெஞ்சில் ஒரு முள்ளும் குத்தியது. அவள் அதைத் தன்னிடமே மறைக்க முயலவில்லை.

"எங்க ஆபீஸ்ல இன்னொரு ஆள் எடுத்தா முதல்ல உங்களுக்குத்தான்க்கா சொல்வேன்."

"சொல்லு" என்றாள்.

போனை வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தாள்.