நீலப் படகின் நடு எழுத்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். வாடிப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்த கை, பதினாலு வயதில் மதுரைக்கு வந்து சுண்ணாம்பு மட்டையைப் பிடித்தது. இன்றைக்குத் திருநகரில் சொந்த வீடு. பதினோரு பேர் என்னை நம்பி பிரஷ் பிடிக்கிறார்கள். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இங்கிலீஷ் எழுத்தை நான் படித்துக் கற்றதில்லை, எழுதிக் கற்றேன். கடை போர்டு, லாரி முகப்பு, பிறகு படகு. உச்சிப்புளியில் லாரி எழுதப்போன இடத்தில் ஒரு படகுக்காரர் பழக்கமாகி, வருசத்துக்கு நாலைந்து தடவையாவது மண்டபம் கரைக்கு ஆட்களோடு போய்வரும்படி ஆயிற்று. படகை எழுத எழுத, படகைப் படிக்கவும் வந்துவிட்டது.

அது ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. முகப்பின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கும். முதலில் ஐ என் டி என்றால் இந்தியா. அடுத்து டி என் என்றால் தமிழ்நாடு, கே எல் என்றால் கேரளா, பி ஒய் என்றால் புதுச்சேரி, காரைக்கால் வகையறா. தமிழ்நாட்டுக்குப் பின்னால் வருகிற எண் மாவட்டம். பத்து என்றால் ராமநாதபுரம், ஆறு நாகப்பட்டினம், பன்னிரண்டு தூத்துக்குடி. அதற்கப்புறம் எம் எம் என்று இருந்தால் விசைப்படகு. கடைசியில் வருவது அந்தப் படகின் சொந்த நம்பர். இலங்கைப் படகு என்றால் கதை தலைகீழ். முதலில் படகு என்ன ஜாதி என்று வரும். பல நாள் கடலில் கிடக்கும் பெரிய படகுக்கு ஐ எம் யு எல். வெளியே என்ஜின் மாட்டிய ஃபைபர் படகுக்கு ஓ எஃப் ஆர் பி. பிறகு எண். ஊர் கடைசியில்தான் வரும், மூன்று எழுத்தில். யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, நீர்கொழும்புக்கு ஒன்று என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். பத்திரிகையில் படகுப் படம் வந்தால் டீக்கடையில் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

என் ஆட்களில் எழுத்துக்காரன் ஒருவன் உண்டு. ஆனையூர் அகதி முகாமில் இருக்கிறவன். எட்டு வயதில் மன்னாரிலிருந்து தகப்பனோடு வந்தவன், இப்போது அவன் தலையும் நரைத்துவிட்டது. எழுத்து எழுதுகிற ஒவ்வொருவனும் காலையில் பிரஷை ஒரு பலகையில் இழுத்துப் பார்ப்பான். சிலர் தன் பெயரை எழுதுவார்கள், சிலர் பிள்ளையார் சுழி. இவன் எழுதுவது எம் என் ஆர். மன்னார் படகுகளின் கடைசி மூன்று எழுத்து. எழுதிவிட்டுத் துணியால் துடைத்துவிடுவான். நான் கண்டுகொண்டதில்லை.

போன தை மாதம் மண்டபத்தில் இரண்டு விசைப்படகைக் கரையேற்றி எங்களிடம் விட்டிருந்தார்கள். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் தள்ளிக் கரையில் ஒரு கூட்டம். ஆளில்லாத ஃபைபர் படகு ஒன்று ஒதுங்கியிருந்தது. நீலப் படகு. என்ஜின் இல்லை. முன்னால் அறுந்த கயிறு ஒரு முழம் தொங்கியது. ஒரு பக்க முகப்பு பாறையில் அடித்துப் பிளந்து எழுத்தே இல்லாமல் போயிருந்தது. மறுபக்கத்தில் ஓ எஃப் ஆர் பி தெரிந்தது, எண் தெரிந்தது, கடைசி மூன்றில் எம்மும் ஆரும் தெரிந்தன. நடுவில் இருந்த எழுத்து உரிந்து, ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் வெள்ளை பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

விசாரிக்க வந்திருந்த அதிகாரி ஃபோனில் படம் எடுத்துவிட்டு, எந்த ஊர்ப் படகு என்று எழுதவேண்டும், தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். நான் சும்மா இருப்பேனா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். ஒரே பார்வை. நடுவில் கோடு நிற்கிறது, அப்படியென்றால் டி. எம் டி ஆர் என்றால் மாத்தறை, இலங்கையின் தென்கோடி என்று சொன்னேன். அதிகாரி ஆச்சரியப்பட்டு என்னை ‘ஐயா’ என்றார். அந்த ‘ஐயா’வுக்குப் பிறகு அந்த எழுத்தை நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

என் ஆள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறான். முகாமில் இருக்கிறவன், போலீஸ், அதிகாரி என்றால் பத்தடி தள்ளியே நிற்பான். இலங்கைப் படகு ஒதுங்கிய இடத்தில் இலங்கைக்காரன் நிற்பதே வம்பு என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான்.

“அண்ணே, அது டி இல்லண்ணே.”

“பேசாம இரு மாப்ள. எழுத்த எனக்கே சொல்லித்தாரியா?”

“டின்னா மேல கூரை இருக்கணும்ல? மேல் கோட்டுல ஒண்ணுமே ஒட்டலயே. மிச்சம் நிக்கிற கோடும் சாஞ்சுல்ல நிக்கிது.”

அவன் மெதுவாகத்தான் சொன்னான். அதிகாரி காதில் விழுந்துவிட்டது. யார் இவன் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், நம்ம ஆள்தான் சார், முகாமு, விடுங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கு உறைத்தது. கூட்டம் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு ஈரத்துணி போட்டுப் பார்க்கலாமா சார் என்று கேட்டான். சின்ன என்ஜின் படகு மாத்தறையிலிருந்து ஆளில்லாமல் இவ்வளவு தூரம் சுற்றி வருமா என்று மீனவர் ஒருவரும் பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டார். அதிகாரி தலையாட்டினார்.

நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, தேய்க்காமல், அந்த இடத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தான். பூத்திருந்த உப்புப் போனது. பிறகு முகத்தைப் படகோடு பக்கவாட்டில் ஒட்டவைத்து, காலை வெயில் சாய்ந்து விழுகிற திசையில் பார்த்தான். என்னையும் அப்படிப் பார்க்கச் சொன்னான். குனிந்தேன். படகின் நீலம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. எழுத்து இருந்த இடத்தில் மட்டும், பெயிண்ட் மூடிக் காப்பாற்றியிருந்ததால், நீலம் பழைய கருக்கோடு நின்றது. இடது ஓரத்தில் ஒரு தூண். வலது ஓரத்தில் ஒரு தூண். நான் டி என்று சொன்ன கோடு இரண்டுக்கும் நடுவே சாய்ந்து ஓடியது.

எம் என் ஆர்.

நாற்பது வருசம் எழுத்தோடு பிழைத்தவன், நாலு பேர் முன்னால் தப்பாகப் படித்தேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான். அதிகாரியிடம் நானே சொன்னேன், இவன் சொன்னதுதான் சரி, மன்னார் படகு என்று. அவர் அடித்து எழுதிக்கொண்டார். இது மேலே போய், அங்கிருந்து முறைப்படி தகவல் போகும் என்றார். எத்தனை நாளாகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அதற்குள் இவன் படகின் மேல் கையை வைத்துவிட்டான். எடுக்கவே இல்லை. மாட்டுக்கு முதுகைத் தடவுவது போல் அந்த ஃபைபரைத் தடவினான். மன்னாரிலேயே தங்கிவிட்ட அவன் அண்ணன் ஊரிலிருந்து ஃபோனில் பேசுவான், படம் அனுப்புவான், எல்லாம் உண்டு. ஆனாலும் இத்தனை வருசத்தில் அந்தக் கரையிலிருந்து கையால் தொடும்படியாக ஒன்றும் தன்னிடம் வந்ததில்லை என்றான். மாத்தறையாக இருந்திருந்தால் பேசாமல் போயிருப்பானாம்.

படகுக்காரனுக்குச் சொல்லவேண்டும் என்று அவன் துடித்தான். படகைத் தொலைத்தவன் அங்கே கரையை அளந்துகொண்டு நிற்பான் என்றான். நான் அதிகாரியிடம் கேட்டேன். படகு இங்கேதான் கட்டிக்கிடக்கும், தகவல் சொல்வதில் தடையில்லை, சொந்தக்காரர் விவரம் கிடைத்தால் தனக்கும் நல்லது என்றார். இவன் படகைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினான். அண்ணன் அதை அங்குள்ள மீனவர் சங்கத்தில் காட்டியிருக்கிறான். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஃபோன் அடித்தது, முகம் தெரிகிற அழைப்பு. மறுமுனையில் என் வயது ஆள் ஒருவர், இவன் ஊர்க்காரர்தானாம், சட்டையில்லாமல், கரையில் நின்றபடியே.

சோற்றை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் படகுக்கு ஓடினோம். ஃபோனை என் கையில் கொடுத்தான். முகப்பைக் காட்டினேன்.

“ஓம், ஓம். என்ர வள்ளம்தான்,” என்றார் அந்த ஆள். நங்கூரக் கயிறு காற்றில் அறுந்துவிட்டதாம். நல்லவேளை, என்ஜினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தாராம். மூன்று நாளாகக் கரை முழுக்க நடந்தாராம். உள்பக்கம் காட்டு, முன்பக்க அணியம் காட்டு, பிளந்த இடம் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் காட்டிக்கொண்டே வந்தேன்.

“எப்ப திரும்பி வரும் தம்பி?”

மேலே எழுதியிருக்கிறார்கள் என்று இவன் சொன்னான். அப்போது இவன் என் தோளுக்கு மேலாக ஃபோனைப் பார்த்து, மதுரைப் பேச்சை எங்கேயோ விட்டுவிட்டு, நான் கேட்டறியாத ஒரு குரலில் கேட்டான்.

“ஐயா, ஃபோனைத் திருப்பிக் கரையை ஒருக்காக் காட்டுவியளே?”

அவர் திருப்பினார். வெள்ளை மணல், ஒரு வலைக்குவியல், பனை நாலைந்து, நாய் ஒன்று படுத்துக்கிடந்தது. வாடிப்பட்டியில் பிறந்தவனுக்கு அது மண்டபம் கரை போலத்தான் இருந்தது. இவனுக்கு அப்படி இல்லை. இன்னும் இடப்பக்கம் என்றான். அங்கே ஒரு கிணறு இருக்கவேண்டுமே என்றான். அது தூர்ந்து கனகாலம் என்று பதில் வந்தது. கிணறு இருந்த இடத்தையாவது காட்டச் சொன்னான். அந்த மனிதர் மணலில் நடந்துபோய் வெறும் தரையைக் காட்டினார். இவன் அந்தத் தரையைக் கண்கொட்டாமல் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவர், இப்ப வள்ளத்தைக் காட்டு என்றார். நான் படகைக் காட்டினேன். பிறகு இவன் கரையைக் கேட்டான்.

இப்படியே மாறி மாறி நடந்தது. அன்று மாலைக்குள் அவனை ஆனையூரில் கொண்டுவந்து சேர்த்துவிடுவதாக முகாமில் சொல்லியிருந்தேன். எங்களை ஏற்றிப்போக வந்த வேன்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டான். வேறு நாளாக இருந்தால் ரெண்டு வார்த்தை திட்டி இழுத்துப் போயிருப்பேன். அன்றைக்கு வேன்காரனைப் பார்த்து, கொஞ்சம் இருடா என்று கையைக் காட்டிவிட்டு, ஃபோனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். தோள் கடுத்தது.

“இன்னுங் கொஞ்சம் வடக்க போங்கோ ஐயா,” என்றான் அவன்.