போனஸில் பாதி

எழுமலைப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு என் அக்காதான் தலைவர். இந்த ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்கு அவள் பேச வேண்டியதை நான் எழுதிக் கொடுத்தேன். பாலில் கொழுப்பை அளக்கும் புது எந்திரம் வாங்க, லாபத்தில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் நிறுத்திவைக்க உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். பழைய எந்திரம் ஒரே பாலை இருமுறை வைத்தால் இரண்டு அளவு காட்டியது. அந்த அளவை வைத்துத்தான் விலை.

அதனால் பால் ஊற்றுபவர்களுக்குத் தரும் போனஸ் பாதியாகும் என்பதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளியிருந்தேன். வேண்டாத செய்தியை அங்கே வைப்பது பத்திரிகை வேலையில் படிந்த பழக்கம்.

காலைப் பால் எடுத்து முடிந்ததும் பந்தலில் கூட்டம் தொடங்கியது. அக்கா முதல் பக்கத்தை முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"தலைவரம்மா, லாபம் அம்புட்டையும் டிவிடெண்டாப் பிரிச்சுக் குடுங்க. வச்சிருந்தா யார் வீட்டுக்குப் போகும்னு தெரியாதா?"

கைதட்டினார்கள். அக்கா தாளை மடித்து வைத்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு எத்தன பங்கு?"

"ஒண்ணு. நூறு ரூவா."

"டிவிடெண்டு பங்குப் பணத்துக்குத்தாண்ணே. நூத்துக்குப் பதினாலுக்கு மேல குடுக்கக் கூடாது. அதை முழுசாத் தாரோம். ஒங்களுக்குப் பதினாலு ரூவா."

"மாப்ள, டீ குடிக்கலாம், வடை கேக்காத!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பந்தலே சிரித்தது.

"சரி, மிச்சம்?" என்றார் அவர், உட்காராமல்.

"மொதல்ல காப்பு நிதிக்கு எடுத்தாகணும். அது சங்கத்துப் பேர்ல பேங்குல கெடக்கும். நானும் எடுக்க முடியாது, நீங்களும் பிரிச்சுக்க முடியாது. பெறகு டிவிடெண்டு. அதுக்குப் பெறகு, பால் ஊத்துனவங்களுக்கு ஊத்துன அளவுக்குப் போனஸ். மிஷினுக்கு நான் கேக்குற காசு அந்தப் போனஸ்லருந்துதான். போன வருசம் வந்ததுல பாதிதான் வரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. தீர்மானம் தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். நான்கு மாடு வைத்திருக்கும் ஒரு பெண் எழுந்தாள்.

"பாதின்னா எனக்குத்தான் மதினி பெரிய நட்டம். இந்த அண்ணன் மாட்டை வித்து ரெண்டு வருசமாச்சு, போனஸே கெடையாது. இவரு எதுக்குக் கத்துறாரு?" முன்வரிசையில் நின்றவரைப் பார்க்காமலே கேட்டாள். "புது மிஷின் சரியாக் காட்டுமா?"

"ஒங்க கண்ணு முன்னாடி ஒரே பாலை ரெண்டு வாட்டி வச்சுப் பாப்போம். அளவு மாறுனா வாங்க வேணாம்."

"அப்பச் சரி. தெனம் அளவுல நட்டப்படுறதுக்குப் பதிலா ஒரு வருசம் போனஸ் கொறையட்டும்."

அவள் கை தூக்கினாள். பால் ஊற்றும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். செயலாளர் இரண்டு முறை எண்ணி, தீர்மானம் நிறைவேறியதாக எழுதினார். சோதனையை உறுப்பினர்கள் முன்னிலையில் செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் அந்தப் பெண். சேர்த்தார்.

கூட்டம் கலையத் தொடங்கிய பிறகுதான் அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். எனக்கும் அப்போதுதான் பசித்தது.