லோரியில் கெட்டுப்போன ஸ்ட்ரிப்

என் கணவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுபவர். தொண்ணூறுகளின் நடுவில், விரலைக் குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப் என்ற சிறு பட்டையில் தொட்டுப் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினோம். மலேசிய அளவில் நாலிலிருந்து எட்டு வரை சரி; பன்னிரண்டைத் தாண்டினால் நாலு யூனிட் கூட்டச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ஒரு ஞாயிறு பகல் மீட்டர் பதினாறு காட்டியது.

“இவ்வளவு ஏறியிருக்கே, சோறு வேணாம்லா,” என்றவர் ஊசியைக் கூட்டிப் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, மேசை விசிறியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். ஏன் என்று கேட்டேன். என் முடியைப் பிடித்து அலமாரிக் கண்ணாடியில் மோதினார், கண்ணாடி நொறுங்கியது. உதடு கிழிந்தது. கழுத்தை நெரித்தபோது அவர் கண்களுக்கு நான் யாரென்றே தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து என் தம்பி ஓடி வந்தான்.

“குடிச்சிட்டு எங்க அக்காவ அடிக்கிறியா?”

முகத்தில் குத்தினான். இருவரும் கண்ணாடிச் சில்லுகள் மேல் உருண்டார்கள். விழுந்தவரை மறுபடி மறுபடி உதைத்தான். நான் குறுக்கே பாய்ந்தேன். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கைகள் நடுங்கின. வாயில் சாராய வாடையே இல்லை.

தூக்கிக்கொண்டு போன கிளினிக்கில் நாலு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் விரலைக் குத்தினார்.

“ரெண்டு புள்ளி ஒண்ணுதான் இருக்கு! டாக்டர்!”

நரம்பில் குளுக்கோஸ் ஏறிய சில நிமிடத்தில் அவர் என்னைப் பார்த்தார்.

“உன் உதட்டுல என்ன ரத்தம்?”

மிஸி எங்கள் மீட்டரை எடுத்துவரச் சொல்லித் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்.

அவர் சாப்பிட்டுத் தேறியதும், தம்பி கொண்டுவந்த எங்கள் மீட்டரை மிஸி சோதித்தார். எங்கள் ஸ்ட்ரிப் பதினெட்டு காட்டியது. கிளினிக் மீட்டர் ஒன்பது. அதே ரகத்தில் புது பாட்டிலைத் திறந்து, எங்கள் மீட்டரிலேயே ஒன்றைச் செருகினார். ஒன்பது.

“மீட்டர் நல்லாத்தான் இருக்கு. இந்த ஸ்ட்ரிப்ப எங்க வெச்சிருந்தீங்க அண்ணே?”

“லோரி டேஷ்போர்டுல.”

பாட்டில் மூடி உடைந்து, பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் போட்டிருந்தது. கெடு முடிந்து ஐந்து மாதம்.

“வெயில்லயும் ஈரக் காத்துலயும் இதுல உள்ள மருந்து கெட்டுப்போயிரும். கெட்டா மீட்டர் எல்லா நேரமும் எரர்னு காட்டாது, அது பாட்டுக்கு ஒரு நம்பர் காட்டும். கூடவும் காட்டும், கொறைச்சும் காட்டும். அத நம்பித்தான் ஊசிய ஏத்திட்டீங்க. சக்கரை ரொம்ப எறங்குனா மூளை கொழம்பி, எதிர்ல நிக்கிற ஆளையே தெரியாது.”

 தம்பி உதைத்ததில் அவருக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது.

பிறகு ஸ்ட்ரிப் பாட்டிலை மூடி இறுக்கி, படுக்கையறை அலமாரியில் நான்தான் வைத்தேன். ஆனால் அவர் கையை உயர்த்தி விசிறி சுவிட்சைத் தட்டினாலே பல மாதம் என் உடம்பு பின்வாங்கியது. அவருக்கு அந்தப் பகல் நினைவே இல்லை. ஒருநாள், அன்று தான் என்ன செய்தார் என்று முழுசாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கழுத்தை நெரித்த இடத்துக்கு வந்ததும் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.